தாடைப்பட்டையைப் பற்றிய படத்தில் விதி எங்கிருந்து வந்தது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர்த் தன்னார்வக் குழு எடுத்த சாலைப் பாதுகாப்புக் குறும்படத்தைப் பற்றித் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்தேன். எங்களைப் போன்ற சிறு குழுவுக்கு அவ்வளவு இடம் ஒதுக்கியதற்கு நன்றி சொல்லத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் அச்செய்தியின் கடைசி வரி என்னை அதோடு நிற்க விடவில்லை. “தலைக்கவசம் அணிந்திருந்தும் விதி விடவில்லை என்பதை நெஞ்சம் உருகச் சொல்கிறது இப்படம்” என்று தங்கள் செய்தியாளர் எழுதியிருக்கிறார். எங்கள் படம் சொல்வது அதுவல்ல. அதற்கு நேர் எதிரானது.

படம் ஒன்றரை நிமிடம்தான் ஓடும். ஒருவர் தலைக்கவசத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, தாடைப்பட்டையைப் பூட்டாமல், பக்கத்துத் தெருவுக்குக் கிளம்புகிறார். திருப்பத்தில் கிடக்கும் மணலில் வண்டி சறுக்குகிறது. தலைக்கவசம் தனியே உருண்டு சாலையோரத்தில் நிற்கிறது. அதன் மேலோட்டில் ஒரு கீறல்கூட இல்லை என்பதும், கொக்கி திறந்தே கிடக்கிறது என்பதும் மிக அருகில் காட்டப்படுகின்றன. பிறகு அதே வாசல், அதே மனிதர். இம்முறை அவர் பட்டையைப் பூட்டும் ஓசை கேட்ட பிறகுதான் சாவியைத் திருப்புகிறார். “லாக் போட்ட பிறகே சாவி” என்ற ஒரே வரியோடு படம் முடிகிறது. உருண்டோடும் தலைக்கவசத்தைத் தங்கள் செய்தியாளர் மிகவும் பாராட்டியிருக்கிறார். அது ஏன் உருண்டது என்று காட்டும் அடுத்த காட்சியைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை.

அந்த ஒரு செய்கையை மட்டும் தேர்ந்தெடுக்க நாங்கள் பட்ட பாட்டைத் தாங்கள் அறிய வேண்டும். முதலில் பேசியபோது குழுவில் ஒருவர் அதிவேகத்தைச் சேர்க்கச் சொன்னார், ஒருவர் கைப்பேசியை, இன்னொருவர் மூவர் ஒரே வண்டியில் செல்வதை. எல்லாமே உண்மையான ஆபத்துகள்தாம். ஆனால் எல்லாவற்றையும் ஒன்றரை நிமிடத்தில் சொன்னால், பார்ப்பவர் “கவனமாகப் போக வேண்டும்” என்ற பொதுவான எண்ணத்தோடு எழுந்து போவாரே தவிர, மறுநாள் காலையில் அவருடைய கை எதையும் புதிதாகச் செய்யாது. தாடைப்பட்டையைப் பூட்டுவதற்குக் காசு வேண்டாம், இரண்டு நொடிக்கு மேல் நேரமும் வேண்டாம். ஏற்கெனவே தலைக்கவசம் வாங்கி, அதைத் தலையிலும் வைத்துக்கொண்டவரிடம்தான் அதைக் கேட்கிறோம். அவரை மனம் மாற்ற வேண்டியதில்லை. தொடங்கியதை முடிக்கச் சொன்னால் போதும். அச்செய்கையைச் சாவியோடு சேர்த்ததற்கும் காரணம் உண்டு. “மறக்காதீர்கள்” என்று சொன்னால் மறந்துவிடுவார்கள். சாவி திருப்பாமல் வண்டி நகராது; ஆகவே நினைவூட்டும் வேலையைச் சாவியிடமே ஒப்படைத்தோம்.

நான் அரசு மருத்துவமனையின் விபத்துப் பிரிவில் நீண்ட காலம் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். அடிபட்டவரைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுசென்ற பிறகு, அவருடைய செருப்பையும் பையையும் தலைக்கவசத்தையும் யாராவது உறவினர் கையில் பிடித்துக்கொண்டு வெளியே நிற்பார். வேலை செய்த தலைக்கவசம் பார்த்தாலே தெரியும்: ஓடு உராய்ந்திருக்கும் அல்லது விரிசல் விட்டிருக்கும், உள்ளேயுள்ள தெர்மாகோல் ஓரிடத்தில் அமுங்கியிருக்கும். அடியின் விசையை அந்தத் தெர்மாகோல் தான் நசுங்கி வாங்கிக்கொண்டது என்பதற்கு அதுவே சாட்சி. பூட்டாத தலைக்கவசமோ கடையில் இருந்தபடியே பளபளப்பாக உறவினர் கையில் இருக்கும். “ஹெல்மெட் போட்டுத்தான் சிஸ்டர் போனான்” என்று அவர்கள் அழும்போது, அந்தப் பட்டை கீழே தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தபடி பதில் சொல்ல முடியாமல் நின்றிருக்கிறேன்.

அவர்களுள் ஓர் இளைஞரை என்னால் மறக்க முடியவில்லை. நாய் குறுக்கே வந்ததால் பிரேக் பிடித்துச் சாய்ந்திருக்கிறார். வேகம் அதிகமில்லை என்று கூட வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். தலைக்கவசம் சாலையின் மறுபுறத்தில் கிடந்ததாம். முழங்கையில் சிராய்ப்பு, காதுக்கு மேலே சிறு வீக்கம், அவ்வளவுதான். தன் பெயரைச் சொன்னார், வீட்டு முகவரியைச் சொன்னார், வண்டிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். பிறகு தலைவலி என்றார், வாந்தி எடுத்தார், பேச்சுக் குழறியது, நினைவு தப்பியது. மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் நடுவே இரத்தம் கசிந்து தேங்கும்போது இப்படி நடக்கும். இடையில் நன்றாகப் பேசும் அந்தச் சிறிது நேரம்தான் எல்லாரையும் ஏமாற்றிவிடும். அவர் பிழைக்கவில்லை. மறுநாள் தங்கள் நாளிதழிலும் பிற நாளிதழ்களிலும் “தலைக்கவசம் அணிந்திருந்த இளைஞர் பலி” என்று செய்தி வந்தது. அச்செய்தியைப் படித்த எத்தனை பேர், இதை மாட்டி என்ன பயன் என்று நினைத்திருப்பார்கள்?

மெதுவாகப் போனவருக்கு எப்படி அவ்வளவு அடி என்று கேட்கலாம். வண்டியில் அமர்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வண்டி நின்ற நிலையில் சாய்ந்தாலும், அந்த உயரத்திலிருந்து தடையின்றி விழும் தலை மணிக்கு சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் தார்ச்சாலையில் மோதும். விழும்போது பெரும்பாலும் தோளோ இடுப்போதான் முதலில் தரையைத் தொடும். உடல் அங்கே நிற்க, தலை வெட்டிச் சொடுக்கப்படும். ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள தலைக்கவசம் பூட்டப்படாமல் இருந்தால் அந்தச் சொடுக்கிலேயே கழன்று போகும். அதன் பிறகு தரையில் மோதுவது வெறுந்தலை.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 129ஆம் பிரிவில், பட்டையாலோ வேறு பிணைப்பாலோ தலையில் உறுதியாகக் கட்டப்பட்டிருப்பதையே பாதுகாப்புத் தலைக்கவசம் என்று விளக்குகிறது. அப்படியானால் பூட்டாமல் வைத்திருப்பவர் சட்டத்தின் பார்வையில் தலைக்கவசம் அணிந்தவரே அல்லர். 194டி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதம் அவருக்கும் பொருந்தும். ஆனால் சோதனைச் சாவடியில் தலையின் மேற்பகுதியைத்தான் பார்க்கிறார்கள், தாடையைப் பார்ப்பதில்லை. ஆகவே காவலரைக் கண்டதும் எடுத்து வைத்து, கடந்ததும் கழற்றும் பொருளாகத் தலைக்கவசம் ஆகிவிட்டது. பட்டையைப் பூட்டினால் கழற்ற நேரமாகும் என்பதற்காகவே பூட்டாமல் விடுகிறவர்களை நான் அறிவேன்.

ஆசிரியர் அவர்களே, இந்த வருத்தம் ஒரு வரியால் மட்டும் வந்ததன்று. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு மாதம் கொண்டாடப்படும்போது, தலைக்கவச விழிப்புணர்வுப் பேரணியின் புகைப்படத்தைத் தாங்கள் பெரிதாக வெளியிடுகிறீர்கள். அப்படங்களில் முன்வரிசையில் வண்டியோட்டுபவர்களின் பட்டைகள் காற்றில் பறப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். இதைக் குறித்து முன்பே தங்களுக்கு எழுதினேன். பதில் வரவில்லை, கடிதமும் வெளியாகவில்லை. கட்சிக்காரர்களும் நிறுவனங்களும் இலவசத் தலைக்கவசம் வழங்கும் விழாக்களைச் செய்தியாக்குகிறீர்கள். எல்லாருக்கும் ஒரே அளவு கொடுக்கிறார்கள். சிறிய தலையில் பெரிய கவசம் பூட்டினாலும் சுழலும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத தலைக்கவசங்களைத் தயாரிக்கவும் விற்கவும் 2021 ஜூன் முதல் தடை இருக்கிறது. ஆனாலும் ஓங்கி இழுத்தால் பட்டை கையோடு வந்துவிடும் கவசங்கள் சாலையோரத்தில் தொங்குகின்றன. தங்கள் செய்தியாளர்கள் தினமும் அவற்றைக் கடந்துதான் அலுவலகம் வருகிறார்கள்.

படத்தில் இடம் இல்லாததால் நாங்கள் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. பூட்டினால் மட்டும் போதாது, பட்டை இறுக்கமாகவும் இருக்க வேண்டும். கடையில் விற்ற நீளத்திலேயே விட்டுவிட்டால் பட்டை தாடைக்குக் கீழே தளர்ந்து தொங்கும், பூட்டியிருந்தும் பயனில்லை. தாடைக்குக் கீழே, தொண்டையை ஒட்டி, பட்டைக்கும் தோலுக்கும் நடுவே ஒன்றிரண்டு விரல்கள் மட்டும் நுழையும்படி அதைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். பிறகு கவசத்தின் பின்விளிம்பை இரு கைகளாலும் பிடித்து முன்பக்கமாக மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். பூட்டிய நிலையிலும் அது நெற்றி வழியாகக் கழன்று வந்தால், பட்டை தளர்ந்திருக்கிறது அல்லது கவசம் பெரியது. பின்னலும் பூவும் வைத்துக்கொள்ளும் பெண்கள் கொண்டைக்கு மேல் கவசத்தை உட்கார வைக்கும்போதும் இதேதான் நிகழ்கிறது. பின்னலைக் கழுத்துக்குக் கீழே இறக்கிவிட்டால் கவசம் சரியாக அமரும். கொக்கி உடைந்த கவசத்தைக் கயிற்றால் முடிச்சிட்டு ஓட்டுகிறவர்களும் உண்டு. அப்படி ஓட்டுவதைவிட உடனே புதிதாக ஒன்று வாங்கிவிடுவது நல்லது.

தங்களிடம் நான் கேட்பவை இரண்டுதான். முதலாவதாக, எங்கள் படம் தாடைப்பட்டையைப் பூட்டச் சொல்லும் படம் என்று அதே மாவட்டப் பக்கத்தில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். இரண்டாவதாக, இரு சக்கர வாகன விபத்துச் செய்தியைக் காவல் நிலையத்திலிருந்து கேட்டு வாங்கும் தங்கள் செய்தியாளர், பட்டை பூட்டப்பட்டிருந்ததா என்ற கேள்வியையும் கேட்கட்டும். விடை கிடைத்தால் அதையும் எழுதட்டும், கிடைக்காவிட்டால் “தலைக்கவசம் அணிந்திருந்தும்” என்ற தொடரை விட்டுவிடட்டும். செய்தியாளர் தம்பி மீது எனக்குக் கோபமில்லை. அவர் விரும்பினால், மாலை ஐந்து மணிக்குப் பிறகு எந்த நாளிலும் எங்கள் குழுவினரைச் சந்திக்கலாம். படத்தை மீண்டும் ஒருமுறை அவருக்குப் போட்டுக் காட்ட அணியமாக இருக்கிறோம்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற செவிலியர்,
திண்டுக்கல்.