மொட்டை மாடித் தண்ணீருக்கு இரண்டடிக் குழி போதாது

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்துத் தனி வீட்டுக்காரர்களுக்கும், அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்க நிர்வாகிகளுக்கும்,

வணக்கம். வீடு கட்டும் வேலைகளை மேற்பார்வை பார்த்துப் பிழைப்பவன் நான். தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அதிலிருந்து நம் பக்கத்தில் பெரும்பாலான வீடுகளில் நான் பார்ப்பது ஒரே அமைப்புதான்: வாசலோரம் இரண்டடிக்கு இரண்டடி, ஆழமும் இரண்டடி, உள்ளே ஜல்லி, மேலே மணல். மாடியிலிருந்து ஒரு குழாய் அதில் வந்து விழும். இந்தக் குழி உங்கள் மாடித் தண்ணீரைத் தாங்காது என்பதைச் சொல்லவே இந்த மடல்.

கணக்கு எளிது. 1,200 சதுர அடி மொட்டை மாடி என்றால் ஏறக்குறைய 111 சதுர மீட்டர். அதில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 111 லிட்டர் தண்ணீர். அந்தக் குழியின் கொள்ளளவு 220 லிட்டர் அளவுதான். அதிலும் பெரும்பகுதியை ஜல்லி அடைத்துக்கொண்டிருக்கிறது. கல்லுக்கு இடையே மிஞ்சும் இடம் 90 லிட்டருக்கும் குறைவு. அதாவது தூறல் மழையாகும் முன்னே குழி நிரம்பிவிடும். சாயங்கால இடிமழை ஒரு இஞ்ச் கொட்டினால், மாடி நனைவதிலும் தெறிப்பதிலும் பத்தில் ஒரு பங்கு போக, மாடியிலிருந்து வருவது சுமார் 2,500 லிட்டர். அத்தனையும் வாசல் வழியாகத் தெருச் சாக்கடைக்குப் போகிறது.

மண் உறிஞ்சுமே என்பீர்கள். உறிஞ்சும் மண்ணாக இருந்தால் சரி. ஆனால் நம் பக்கத்தில் பல மனைகளில் சில அடி தோண்டியதும் செம்புறாங்கல் தட்டும். சில இடங்களில் அதற்குக் கீழே களிமண். இரண்டடிக் குழி அந்தக் கெட்டிப் படுகைக்கு மேலேயே நின்றுவிடுவதால் தண்ணீர் இறங்க வழியில்லை. உங்கள் மனை எப்படி என்று தெரிய, குழி வெட்ட நினைக்கும் இடத்தில் இரண்டடி தோண்டித் தண்ணீர் ஊற்றுங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, ஒரு குச்சியில் அடையாளம் வைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஒரு இஞ்ச்கூட இறங்கவில்லை என்றால் அங்கே சின்னக் குழியால் பலனில்லை.

உங்கள் வீட்டில் பழைய கிணறு இருந்தால், வறண்டிருந்தாலும் சரி, மாடித் தண்ணீர் போக வேண்டிய இடம் அதுதான். கெட்டிப் படுகையை என்றோ வெட்டித் தாண்டி ஊற்று வரை போன வழி அது. வளவு வீடுகளில் முற்றத்து மழையை அண்டாவிலும் கொப்பரையிலும் பிடித்துவைத்த ஊர் நம்முடையது. அதே வீடுகளில் இன்று பங்கு பிரிக்கும்போது கிணற்றில் கட்டட இடிபாட்டைக் கொட்டி மூடுகிறார்கள். தயவுசெய்து மூடாதீர்கள்.

1,200 சதுர அடி மாடியும் கிணறும் உள்ள வீட்டில் வேலை இப்படிப் போகும். மாடியிலிருந்து இறங்கும் குழாய்களை எல்லாம் தரையோரம் 4 இஞ்ச் பிவிசி குழாயில் சேர்க்க வேண்டும். நூறடிக்கு ஓரடி சரிவு போதும். வடிகட்டித் தொட்டிக்குச் சற்று முன்னால் ஒரு டீ இணைப்பு வைத்து, அதன் கீழ்வாயை மூடிபோட்டு வையுங்கள். கோடை முடிந்து வரும் முதல் மழையில் அந்த மூடியைத் திறந்து, தூசியும் காக்கை எச்சமும் சருகும் கழுவிப் போகும் வரை கால் மணி நேரம் வெளியே விட்டுவிட்டு, அப்புறம் மூட வேண்டும்.

வடிகட்டித் தொட்டி மூன்றடிக்கு மூன்றடி, ஆழம் மூன்றடி. அடியில் முக்கால் அடிக்கு ஒன்றரை இஞ்ச் ஜல்லி, அதன்மேல் அரையடிக்கு முக்கால் இஞ்ச் ஜல்லி, அதன்மேல் நைலான் வலை, வலைமேல் அரையடிக்குக் கழுவிய கொரகொரப்பான ஆற்று மணல். எம்-சாண்ட் வேண்டாம், அதிலுள்ள கல்தூள் கிணற்றுக்குப் போய்விடும். மேலே மிஞ்சும் ஒன்றேகால் அடி காலியாக இருக்கட்டும். குழாய்த் தண்ணீர் மணலைப் பறிக்காமல் இருக்க, அது விழும் இடத்தில் ஒரு தட்டைக் கல்லை வையுங்கள். தொட்டியின் மேல்விளிம்பருகே ஒரு வழிந்தோடும் குழாய் அவசியம்.

தொட்டியின் அடியிலிருந்து கிணற்றுக்குப் போகும் குழாயில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கிணற்றுச் சுவரில் ஓட்டை போட்டு அங்கேயே விட்டுவிட்டால் தண்ணீர் சுவரை ஒட்டி வழியும். சாந்து போன பழைய கட்டுமானத்தில் கல் ஒவ்வொன்றாகப் பெயரும். குழாயை எல்போ போட்டுத் திருப்பி, நீர்மட்டம் அருகே வரை கீழே இறக்குங்கள். கிணற்று வாயைக் கொசுவலை போட்டு மூடுங்கள். கழிவுநீர்த் தொட்டியிலிருந்து கிணறு 50 அடியாவது தள்ளி இருக்கிறதா என்றும் பாருங்கள். நெருக்கமாக இருந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்கப் பயன்படுத்தாதீர்கள்.

கிணறே இல்லாத மனையில் மூன்றடி விட்டத்துக்குப் பத்தடி ஆழம் உறை இறக்குங்கள். உறைகளுக்கு இடையே சிமெண்ட் பூச வேண்டாம், அடியில் கான்கிரீட்டும் வேண்டாம், உள்ளே ஜல்லியும் நிரப்ப வேண்டாம். காலியாக விட்டால் அதுவே 2,000 லிட்டர் பிடிக்கும், பிடித்துக்கொண்டே உறிஞ்சும். பத்தடியிலும் களிமண் விடவில்லை என்றால், அடியிலிருந்து மணல் படுகை வரை ஒரு கைபோர் போட்டுத் துளையிட்ட குழாய் இறக்க வேண்டும். போர் போட்டுவிட்டால் மேலே சொன்ன வடிகட்டித் தொட்டி இல்லாமல் அதில் தண்ணீர் விடவே கூடாது. அஸ்திவாரத்திலிருந்து ஐந்தடியாவது விலகியிருக்கட்டும்.

அடுக்குமாடி நிர்வாகிகளுக்குத் தனியாக ஒன்று. 4,000 சதுர அடி மாடியில் ஒரு இஞ்ச் மழைக்கு அதே கணக்கில் 8,500 லிட்டர் அளவுக்கு வரும். இதற்கு ஒரு உறைக்குழி போதாது. ஒவ்வொரு மூலையின் குழாய்க்கும் ஒன்றாக நான்கு உறைக்குழிகள் இருந்தால் சமாளிக்கலாம். வண்டி நிறுத்தும் இடத்துத் தண்ணீரை மாடித் தண்ணீரோடு சேர்க்காதீர்கள். அதில் ஆயிலும் டயர் அழுக்கும் இருக்கும். அதற்குக் கேட்டோரம் குறுக்கே ஒரு கால்வாய் வெட்டிக் கம்பித்தட்டு போட்டு, ஆழமில்லாத வேறொரு குழிக்கு விடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் போர்வெல்லுக்குள் எந்தத் தண்ணீரையும் நேராக விட வேண்டாம்.

அமைத்த பிறகு கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். மழை நின்று அரை மணி நேரம் ஆகியும் மணல்மேல் தண்ணீர் நின்றால் மேல் இரண்டு இஞ்ச் மணலைச் சுரண்டி எடுத்துக் கழுவிப் போடுங்கள். சின்ன மழைக்கே வழிந்தோடும் குழாய் ஓடினாலும் அதே கோளாறுதான். கிணற்றுத் தண்ணீர் கலங்கினால் வலை கிழிந்திருக்கிறது. உறைக்குழி ஒரு நாளைக்கு மேலும் வடியாமல் நின்றால் அடியில் வண்டல் ஏறிவிட்டது, வாரி எடுக்க வேண்டும். புரட்டாசிக்குள் ஒருமுறை மாடியைக் கூட்டி, குழாய் வாயில் வலை இருக்கிறதா பார்த்துவிட்டால் ஐப்பசி மழைக்குத் தயார்.

வீடு கட்டப் போகிறவர்கள் பொறியாளர் தரும் வரைபடத்தில் மழைநீர்க் குழியின் அளவைப் பாருங்கள். உங்கள் மாடிக்கு ஒரு இஞ்ச் மழையில் எத்தனை லிட்டர் வரும், அது எங்கே போகும் என்று கேளுங்கள். குடியிருப்போர் சங்கங்கள் அடுத்த கூட்டத்துக்கு முன் மாடியின் அளவையும் இப்போதுள்ள குழியின் அளவையும் எடுத்து ஒரே தாளில் எழுதி எல்லோருக்கும் கொடுங்கள். அதிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
காரைக்குடியிலிருந்து ஒரு கட்டட மேற்பார்வையாளர்