நிகழ்தகவு க்விஸ் எடுக்கும் ஆசிரியர்களுக்கு: விடையோடு மரத்தையும் திருத்துங்கள்

முதலாண்டுப் புள்ளியியல் பாடத்துக்கு வினாத்தாள் எடுக்கும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நிபந்தனை நிகழ்தகவு க்விஸ் குறித்து உங்களிடம் இரண்டு கோரிக்கைகள் வைக்கிறோம். கேள்வியில் வரும் ஒவ்வொரு சதவீதமும் எதன் சதவீதம் என்பது தாளிலேயே ஐயமில்லாமல் இருக்க வேண்டும். திருத்தும்போது கடைசி விடையை மட்டும் பார்க்காமல், மாணவர் போட்ட மர வரைபடத்தையும் படித்து மார்க் தர வேண்டும். இதை ஒரே ஒரு கணக்கைக் கொண்டு விளக்குகிறோம்.

ஒரு பட்டறையில் மூன்று மெஷின்கள் போல்ட் செய்கின்றன. மொத்த உற்பத்தியில் முதல் மெஷினின் பங்கு 60%, இரண்டாவதன் பங்கு 30%, மூன்றாவதன் பங்கு 10%. முதல் மெஷின் செய்வதில் 2% பழுது, இரண்டாவது செய்வதில் 3%, மூன்றாவது செய்வதில் 8%. குவியலிலிருந்து கண்ணை மூடி எடுத்த ஒரு போல்ட் பழுதாக இருக்கிறது. அது மூன்றாவது மெஷினிலிருந்து வந்திருக்க நிகழ்தகவு என்ன?

மரத்தின் முதல் அடுக்கில் மெஷின்கள் வர வேண்டும், பழுது அல்ல. பழுது விகிதம் மெஷின் வாரியாகத்தான் தரப்பட்டிருக்கிறது. ஆகவே மெஷின் எது என்று தெரிந்த பிறகே அந்தக் கிளையைப் போட முடியும். எந்த அடுக்கு முன்னால் என்று தடுமாறும் மாணவருக்கு இந்த ஒரு விதி போதும். முதல் அடுக்கில் 0.60, 0.30, 0.10. ஒவ்வொன்றிலிருந்தும் ‘பழுது’, ‘நல்லது’ என்று இரண்டு கிளைகள்: 0.02, 0.98; 0.03, 0.97; 0.08, 0.92. ஒரு முனையிலிருந்து பிரியும் கிளைகளைக் கூட்டினால் 1 வர வேண்டும். வெவ்வேறு முனைகளிலிருந்து வரும் 0.02, 0.03, 0.08 ஆகியவற்றைக் கூட்டுவதில் பொருளில்லை.

பாதை வழியாகப் பெருக்கினால் பழுதில் முடியும் மூன்று நுனிகளில் 0.012, 0.009, 0.008 கிடைக்கும். கூட்டினால் 0.029. கேட்ட விடை 0.008 / 0.029, அதாவது சுமார் 0.276. பின்னம் புரியாதவருக்கு 1000 போல்ட் என்று வைத்துச் சொல்லுங்கள்: 600, 300, 100 என்று பிரிந்து, அவற்றில் 12, 9, 8 பழுது. பழுதான 29-இல் 8 மூன்றாவது மெஷினுடையவை. இப்படி எண்ணிக்கையாகத் தந்தால் சரியான விடை கூடுதலாக வருகிறது என்று உளவியலாளர்கள் கெர்ட் கிகரென்சரும் உல்ரிச் ஹாஃப்ராகேயும் 1995-இலேயே காட்டியிருக்கிறார்கள்.

இதே கணக்குக்கு வரும் தவறான விடைகள் கண்டபடி வருவதில்லை. 0.08 என்று எழுதியவர் நிபந்தனையைத் திருப்பிப் படித்திருக்கிறார். மூன்றாவது மெஷின் என்று தெரிந்தபின் பழுதாக இருக்கும் நிகழ்தகவைத் தந்துவிட்டார். 0.008 என்று எழுதியவர் பெருக்கலோடு நின்றுவிட்டார். போல்ட் பழுது என்று தெரிந்துவிட்டதால் கூறுவெளி 29-ஆகச் சுருங்கிவிட்டது என்பது அவருக்கு எட்டவில்லை. 0.615 என்று எழுதியவர் 2, 3, 8 மூன்றையும் கூட்டி 8-ஐ 13-ஆல் வகுத்திருக்கிறார். மெஷின்களின் பங்கு 60, 30, 10 என்பதையே விட்டுவிட்டார். 0.267 எழுதியவருக்கு முறை முழுவதும் தெரியும், 0.029-ஐ நடுவிலேயே 0.03 ஆக்கியதுதான் பிழை. இந்த நால்வருக்கும் ஒரே பூஜ்யம் போடுவது நியாயமே இல்லை. 5 மார்க் கேள்வி என்றால் மரத்துக்கு 2, நுனிப் பெருக்கலுக்கு 1, பழுதின் மொத்தத்துக்கு 1, வகுத்தலுக்கு 1 என்று பிரித்துவிடலாம். முதல் அடுக்கில் ஓர் எண் பிசகி, அதன்பின் எல்லாம் அந்த எண்ணுக்கேற்பச் சரியாகப் போனால், பிசகிய இடத்தில் மட்டும் மார்க்கைக் குறையுங்கள். கொள்குறி வினாவாக வைத்தே ஆக வேண்டும் என்றால் 0.08, 0.008, 0.615 மூன்றையும் விருப்பங்களாகப் போடுங்கள். யார் எங்கே தடுக்கி விழுந்தார் என்பது அடுத்த வகுப்புக்குள் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இனி கேள்வியின் வாசகம். இங்கேதான் எங்களுக்கு ஆதங்கம் அதிகம். “மூன்றாவது மெஷினில் செய்த பழுதான போல்ட்கள் 8%” என்று தாளில் இருந்தால், அதை மூன்று விதமாக வாசிக்கலாம். மூன்றாவது மெஷின் செய்வதில் 8% பழுது என்றால் 0.08 கிளையில் உட்காரும், விடை 0.276. மொத்த உற்பத்தியில் 8% அப்படிப்பட்டவை என்றால் 0.08 நுனியில் உட்காரும். அப்போது கிளை 0.08 / 0.10, அதாவது 0.8, பழுதின் மொத்தம் 0.101, விடை 0.792. பழுதானவற்றில் 8% மூன்றாவது மெஷினுடையவை என்றால் கேட்ட விடையே 0.08, மரமே வேண்டாம். மூன்று வாசிப்பும் தமிழ் இலக்கணப்படி சரிதான். வாசகம் குழப்பியதற்கு மாணவரின் மார்க்கைக் குறைப்பது எப்படிச் சரியாகும்? “மூன்றாவது மெஷின் செய்யும் ஒவ்வொரு 100 போல்ட்டிலும் சராசரியாக 8 பழுது” என்று எழுதிவிட்டால் வேறு வாசிப்புக்கு இடமில்லை.

நுனியில் வர வேண்டிய எண்ணைத் தெரிந்தே கேள்வியில் தருவது நல்ல சோதனை, அதை நாங்கள் வரவேற்கிறோம். “மொத்த உற்பத்தியில் 0.8%, மூன்றாவது மெஷினில் வந்த பழுது” என்று தந்தால், மாணவர் 0.008-ஐ 0.10-ஆல் வகுத்துக் கிளையைக் கண்டுபிடிக்க வேண்டும். பலர் 0.008-ஐ அப்படியே கிளையில் எழுதி, பக்கத்துக் கிளைக்கு 0.992 போட்டுவிடுவார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். ஆறு நுனிகளையும் கூட்டி 1 வருகிறதா என்று சரிபார்க்கச் சொல்வது நம் வழக்கம். இந்தப் பிழையை அது பிடிக்காது. ஒவ்வொரு முனையிலும் கிளைகள் 1-க்குக் கூடினாலே நுனிகளும் 1-க்குத்தான் கூடும், கிளையில் இருப்பது தவறான எண்ணாக இருந்தாலும்.

விடையைச் சோதிக்க இன்னொரு வழி இருக்கிறது, அதைச் சொல்லிக்கொடுங்கள். ஒட்டுமொத்தப் பழுது விகிதம் 2.9%. அதைவிட அதிகமாகப் பழுது செய்யும் மெஷினின் பங்கு, பழுதான குவியலில் கூட வேண்டும். குறைவாகச் செய்வதன் பங்கு குறைய வேண்டும். முதல் மெஷின் 60%-இலிருந்து 41.4%-க்கு இறங்குகிறது. மூன்றாவது 10%-இலிருந்து 27.6%-க்கு ஏறுகிறது. இரண்டாவதன் விகிதம் 3%, சராசரியை ஒட்டியே மேலே இருப்பதால் அதன் பங்கு 30%-இலிருந்து 31%-க்கு மட்டும் நகர்கிறது. பழுது விகிதத்தில் மூன்றாவதே மோசம், ஆனாலும் பழுதான போல்ட் அதிகம் வருவது முதல் மெஷினிலிருந்துதான் என்பதும் இதில் கண்ணுக்குத் தெரியும்.

13-ஆல் வகுத்தவரின் விடையை இதில் வைத்துப் பாருங்கள். மூன்றாவது 61.5%, ஏறியிருக்கிறது, முதலாவது 15.4%, இறங்கியிருக்கிறது. இரண்டும் திசையில் சரி என்பதால் பிழை ஒளிந்துகொள்கிறது. இரண்டாவது மெஷினுக்குத்தான் 23.1% வந்து, ஏற வேண்டியது இறங்கி நிற்கும். ஆகவே மூன்றாவது மெஷினோடு நிறுத்தாமல், அடுத்த க்விஸில் இரண்டாவது மெஷினுக்கும் விடை கேளுங்கள்.

இப்படிக்கு,
முதலாண்டு மாணவர்களுக்குப் புள்ளியியல் சொல்லித்தருவோர்