படமும் வாக்குறுதிதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹட்டன் பஸ் நிலையத்தில் சீனி வியாதிக்கென்று விற்கும் பாகற்காய்ப் பொடி ஒன்றின் துண்டுப்பிரசுரம் கொடுத்தார்கள். 'குணமாகும்' என்ற சொல்லே அதில் இல்லை, கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் சீனி பார்க்கும் மெஷினின் படம் இரண்டு: ஒன்றில் 280, அடுத்ததில் 110. கீழே 'இனி மாத்திரை எதற்கு?' கேள்வியாகக் கேட்டாலும் அர்த்தம் அதேதான்.

'பக்கவிளைவே இல்லை' என்பது இன்னும் மோசம். பாகற்காயும் சீனியைக் குறைக்கக்கூடியது. கிளினிக்கில் தரும் கிளிக்லசைட் போன்ற மாத்திரையோடு சேர்ந்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கி, கொழுந்து பறிக்கிறவர் வியர்த்து நடுங்கி மலையிலேயே விழலாம்.

விளம்பரத்தை அச்சிட ஏற்கிறவர்கள் அது அச்சுக்குப் போகுமுன் படத்தையும் சேர்த்துப் படிக்கட்டும். 'மருந்துக்கு மாற்றல்ல; மாத்திரை எடுப்பவர்கள் வைத்தியரிடம் கேட்டுப் பாவிக்கவும்' என்று முன்பக்கத்திலேயே, வாசிக்கக்கூடிய எழுத்தில் போடச் சொல்லட்டும்.

வாசகர் ஒருவர்,
கொட்டகலை