செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, நகர்வாசிகளே, அனைவருக்கும் வணக்கம்.

பூங்கா விளக்குகள் மாற்றப்பட்டன. மழைநீர் வடிகால் இரண்டு முறை தூர்வாரப்பட்டது. சந்தா நிலுவை பற்றிப் பொருளாளர் பேசுவார், நான் அதில் தலையிடவில்லை. இந்த ஆண்டு என் நேரத்தையும் உங்களில் சிலரின் பொறுமையையும் அதிகம் விழுங்கியது சென்ற ஆண்டுப் பொதுக்குழுவின் வருகைத் தாள்கள்தான். அதைச் சற்று விரிவாகச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

விஷயம் இதுதான். நம் விதிமுறைப்படி 180 உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 60 பேர் வந்தால்தான் கோரம். கூட்டக் குறிப்பேட்டில் 64 பேர் வந்ததாக எழுதியிருந்தோம். பழைய தாள்களைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றத் தொடங்கியபோது, அந்தக் கூட்டத்துக்கு உறுதியாகச் சொல்லக்கூடிய பெயர்கள் 58 மட்டுமே தேறின. இது எப்படியோ வெளியே கசிந்தது. அன்றைய தீர்மானங்கள் செல்லுமா என்று கேட்டு எனக்கு இரவு பத்து மணிக்கு மேல் அழைப்புகள் வந்தன.

58 எப்படி வந்தது? மூன்று தாள்கள். வரிசை எண்கள் 1 முதல் 64 வரை. குறிப்பேட்டில் இருந்த 64 என்பது கடைசி வரிசை எண், அவ்வளவுதான். அந்த 64 வரிகளில் நான்கு பேர் இரண்டு முறை கையெழுத்திட்டிருந்தார்கள். வந்தவுடன் ஒரு முறை, சிற்றுண்டி நேரத்தில் தாள் மறுபடி சுற்றியபோது இன்னொரு முறை. இரண்டு வரிகளைப் படிக்கவே முடியவில்லை. 64இல் நான்கும் இரண்டும் போனால் 58.

தவறு படத்தில் இருந்தது. முதல் முறை நான்தான் அலுவலக அறையில் டியூப்லைட்டுக்கு அடியில் நின்றபடி கைபேசியில் எடுத்தேன். என் கையின் நிழல் தாளின் பாதியில் விழுந்திருந்தது. அதைவிடப் பெரிய பிழை, தாளைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. படத்தைப் பெரிதாக்கியபோது இரண்டாம் தாளின் கீழ்ப்பகுதியில், எழுத்துகளுக்கு இடையே மங்கலாக, கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிய கோடுகள் இருப்பதை இணைச் செயலாளர் கவனித்தார். பின்பக்கம் ஐந்து பேர் எழுதியிருந்தார்கள். மூன்றாம் தாள் வேறு வரிசையில் சுற்றிக்கொண்டிருந்ததால், தாமதமாக வந்தவர்கள் கையில் கிடைத்ததன் முதுகில் எழுதிவிட்டார்கள். அவற்றுக்கு வரிசை எண் கிடையாது. அதனால்தான் ‘கடைசி எண்’ கணக்கில் அவர்கள் விடுபட்டுப் போனார்கள்.

மறுபடி எல்லாவற்றையும் எடுத்தோம். காலை பத்து மணிக்கு வராந்தாவில், நேர் வெயில் படாத இடத்தில், தாளைத் தரையில் விரித்து, கைபேசியை அதற்கு நேர் மேலே பிடித்து, நான்கு மூலைகளும் படத்துக்குள் வரும்படி எடுத்தோம். ஓரத்தில் தேதியும் தாள் எண்ணும் எழுதிய சிறு துண்டுச் சீட்டு ஒன்றும் இருந்தது. காலிப் பின்பக்கங்களையும் எடுத்தோம். பின்பக்கத்தில் ஒன்றுமில்லை என்பதற்கு அந்தப் படம்தான் சான்று. தட்டச்சு தொடங்கும் முன் ஒவ்வொரு பக்கத்திலும் எத்தனை வரி என்று தாளையே பார்த்து விரலால் எண்ணிக் குறித்துக்கொண்டோம். மொத்தம் 69. கணினியிலும் 69 வரிகள் வராவிட்டால் மேலே போகக்கூடாது என்று வைத்துக்கொண்டோம்.

இருவர் தனித்தனியாகத் தட்டச்சு செய்து, பிறகு இரண்டையும் ஒப்பிட்டோம். 11 வரிகளில் வேறுபாடு. பெரும்பாலும் கைபேசி எண்களில்தான்: ஒருவருக்கு 1, மற்றவருக்கு 7, அல்லது 4க்கும் 9க்கும் குழப்பம். இருவரும் ஒரே மாதிரி தவறாகப் படித்திருந்தால் இந்த ஒப்பீடு காட்டிக்கொடுக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தெரு என்ற கட்டத்தில் ஒரு மூத்த உறுப்பினர் ௸ என்று போட்டிருந்தார். ‘மேற்படி’ என்பதற்கான பழைய குறி. தட்டச்சு செய்த கல்லூரி மாணவர் அதைக் கையெழுத்து என்று நினைத்து விட்டுவிட்டார். வேறு சிலர் இரட்டைக் கோடு இட்டிருந்தார்கள். இப்படிப்பட்ட குறிகளை மேல்வரியைப் பார்த்து முழுதாக நிரப்பிய பிறகே பட்டியலை அகரவரிசைப்படுத்த வேண்டும். முன்னதாகவே வரிசைப்படுத்தினால் மேற்படி என்பது எந்த மேலே என்று யாருக்கும் தெரியாது.

இரட்டிப்பைக் கண்டுபிடிக்க, கைபேசி எண் இருக்கும் D நெடுவரிசைக்கு இந்தச் சூத்திரம் போதுமானதாக இருந்தது:

```
=IF(D2="","",COUNTIF(D:D,D2))
```

2 என்று வந்தவை ஐந்து ஜோடிகள். அவற்றில் நான்கு மெய்யாகவே இரட்டிப்பு. ஐந்தாவது, ஒரே கைபேசி எண்ணைக் கொடுத்த கணவன் மனைவி. இருவரும் தனித்தனி உறுப்பினர்கள், கையெழுத்தும் வேறு. சூத்திரம் சொன்னதைக் கேட்டு அழித்திருந்தால் ஓர் அம்மாவின் வருகை போயிருக்கும், அவர் என்னைச் சும்மா விட்டிருக்கவும் மாட்டார். மாறாக, சூத்திரம் தவறவிட்டதும் ஒன்று உண்டு. பின்பக்கத்து ஐவரில் ஒருவர் முன்பக்கத்திலும் இருந்தார். முன்பக்கத்தில் புதிய கதவு எண், பின்பக்கத்தில் பழைய கதவு எண், கைபேசி எண் கட்டம் காலி. பெயரை வைத்தும் கணினி பிடிக்கவில்லை. ஓரிடத்தில் ‘கௌரி’ என்றும், மற்றதில் ெ-யும் ள-வும் சேர்ந்து ‘கெளரி’ என்றும் தட்டச்சாகியிருந்தது. கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும், கணினிக்கு வேறு பெயர். மொத்தமாக மாற்றிவிடலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். அப்படிச் செய்தால் ‘வெள்ளை’ என்று தொடங்கும் பெயர்கள் எல்லாம் சிதைந்துவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் திருத்தினோம்.

படிக்க முடியாத இரண்டு வரிகள். 37ஆம் வரியில் தண்ணீர் பட்டு மை பரவி, கைபேசி எண்ணில் ஓர் இலக்கம் 1ஆ 7ஆ என்று தெரியவில்லை. 7 என்று வைத்தால் உறுப்பினர் பதிவேட்டில் ஒருவரோடு பொருந்துகிறது, அதே வரியில் தெளிவாக இருந்த கதவு எண்ணும் அவருடையதே. இரண்டு தகவல்கள் ஒத்துப்போனதால் ஏற்றுக்கொண்டோம், காரணத்தையும் குறித்து வைத்தோம். 58ஆம் வரியில் ஒரு சுழி மட்டுமே இருக்கிறது. செயற்குழுவில் மூன்று பேரிடம் காட்டினேன். மூன்று பெயர் சொன்னார்கள், மூவரும் உறுதியாக. ஆகவே ‘படிக்க இயலவில்லை’ என்றே பதிந்திருக்கிறோம். தாளில் உள்ளபடி ஒரு நெடுவரிசை, திருத்தியது இன்னொரு நெடுவரிசை. காலியாக விட்டதும் படிக்க இயலாததும் வேறுவேறு குறிகள்.

ஆக, 69 வரிகளில் ஐந்து இரட்டிப்பு போக 64. அதில் ஒன்று யாரென்று தெரியாதது. அதுவும் யாரோ ஒருவரின் இரண்டாவது கையெழுத்தாக இருக்கலாம். உறுதியானது 63, கோரம் இருந்தது. குறிப்பேட்டில் பழைய 64ஐ அடிக்காமல், இந்தக் கணக்கைத் தனிக் குறிப்பாகச் சேர்த்திருக்கிறோம். இரண்டு 64களும் ஒன்றல்ல.

இன்று நீங்கள் கையெழுத்திட்ட தாளில் வரிசை எண் முன்னதாகவே அச்சாகியிருப்பதையும், பின்பக்கம் முழுக்கக் குறுக்குக்கோடு போட்டிருப்பதையும் கவனித்திருப்பீர்கள். தாள் சுற்றாது, வாசலில் மேசைமேல்தான் இருக்கும். கைபேசி எண்கள் உள்ள படங்களை வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மூலத் தாள்கள் அலுவலக பீரோவில், சாவி தலைவரிடம். 2022, 2023 ஆண்டுகளின் தாள்கள் இன்னும் ஏற்றப்படவில்லை. அவற்றில் ஒரு கூட்டத்தின் தாள் தேதியே இல்லாமல் இருக்கிறது. அன்று மழை பெய்ததாக நினைவிருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கவும்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்