இரண்டு நிலுவைகளை அச்சிட்டுக் கொடுங்கள்: நெல்லைச் சீமையின் கடன் சங்கச் செயலாளர்களுக்கும் வங்கிக் கிளை மேலாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலாளர்களே, மேலாளர்களே,

அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, வீரவநல்லூர்ப் பக்கத்துச் சிறுதொழில்காரர்களுக்கு வரவு செலவுக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. பங்குனி பிறந்துவிட்டால் எல்லோரும் ஒரே கேள்வியோடுதான் வருவார்கள்: "இந்த வருஷம் நான் கட்டுனதுல வட்டி மட்டும் எவ்வளவு அண்ணாச்சி?" தொழிலுக்கு வாங்கிய கடனின் வட்டி செலவுக் கணக்கில் ஏறும், அசல் ஏறாது. அதனால் இந்தக் கேள்விக்குச் சரியான பதில் வேண்டும். நீங்கள் கொடுக்கும் பட்டியலிலோ பல நேரம் தேதி, கட்டிய தொகை, நிலுவை என்று மூன்று பத்திகள்தான் இருக்கின்றன. வட்டி தனியாகப் பிரித்திருப்பதில்லை.

பிரிக்காவிட்டாலும் கண்டுபிடித்துவிடலாம். காருகுறிச்சியில் மண்பாண்டம் செய்யும் அக்கா ஒருவருடைய கணக்கை வைத்தே சொல்கிறேன். மண் பிசையும் மிஷின் வாங்க அவர் எடுத்த கடன் 3,00,000 ரூபாய். குறையும் நிலுவைக்கு ஆண்டுக்கு 12 சதவீதம், அதாவது மாதம் 1 சதவீதம் வட்டி. 36 தவணை, தவணைக்கு 9,964 ரூபாய். முதல் தவணை ஏப்ரலில் விழுந்ததால் 13 முதல் 24 வரையான தவணைகள் அப்படியே இரண்டாம் நிதியாண்டு. 12ஆம் தவணை கட்டி முடித்ததும் நிலுவை 2,11,679. 24ஆம் தவணை கட்டி முடித்ததும் 1,12,157.

இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம் 99,522. அந்தப் பன்னிரண்டு மாதத்தில் கடன் குறைந்தது இவ்வளவுதான், ஆகவே அசலுக்குப் போனதும் இவ்வளவுதான். அக்கா கட்டியதோ 12 × 9,964 = 1,19,568. அசலுக்குப் போகாத மிச்சம் 20,046 ரூபாய், அதுதான் வட்டி. மாதாமாதம் வட்டியைப் போட்டுக் கூட்டினாலும் இதே தொகைதான் வரும், பைசாவை முழு ரூபாயாக்குவதில் ஒன்றிரண்டு முன்பின் இருக்கலாம். நாள் கணக்கில் வட்டி போடும் வங்கியில் 30 நாள் மாதம், 31 நாள் மாதம் என்பதால் நிலுவைகளே சற்று மாறும். அப்போதும் உங்கள் பேரேட்டில் உள்ள நிலுவையை எடுத்துக் கழித்தால் பதில் சரியாகவே இருக்கும், ஏனென்றால் இந்த முறைக்கு வட்டி விகிதமே தேவையில்லை. நடுவில் விகிதம் ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும் கவலையில்லை.

சிலர் மொத்த வட்டியை மூன்றால் வகுத்து வருஷத்துக்கு இவ்வளவு என்று எழுதிவிடுகிறார்கள். இந்தக் கடனில் மொத்த வட்டி சுமார் 58,700. மூன்றில் ஒரு பங்கு 19,570 வரும். இரண்டாம் வருஷத்துக்கு அது ஏறக்குறைய ஒட்டிப்போவதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. முதல் வருஷத்தைப் பாருங்கள்: 1,19,568 கட்டியதில் குறைந்த அசல் 88,321, வட்டி 31,247. சராசரி போட்டால் அந்த வருஷம் மட்டும் பதினோராயிரத்துக்கு மேல் செலவு விட்டுப்போகும். அந்த நஷ்டம் கடன்காரருடையது.

இனி, உங்கள் பட்டியலால் வரும் குழப்பத்துக்கு வருகிறேன். "12 முதல் 24 வரை" என்று சீட்டில் எழுதிக் கொடுக்கிறீர்கள். 12ஆம் தவணையும் அதில் சேர்த்தியா, இல்லையா? 12ஆம் தவணைக்குப் பிந்தைய நிலுவையிலிருந்து கணக்கிட்டால் அதில் 13 முதல் 24 வரை பன்னிரண்டு தவணைகள்தான் அடங்கும். 12ஆம் தவணையையும் சேர்க்க வேண்டுமென்றால் 11ஆம் தவணைக்குப் பிந்தைய நிலுவையான 2,19,449-ஐ எடுக்க வேண்டும், தவணையும் பதின்மூன்றாகும். அப்போது 1,29,532-இல் 1,07,292 போக வட்டி 22,240. நிலுவையைப் பன்னிரண்டு தவணைக்கு எடுத்துவிட்டுப் பதின்மூன்று தவணைப் பணத்தைப் பெருக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். விடையில் ஒரு முழுத் தவணை, 9,964 ரூபாய், வட்டியாக ஏறி உட்கார்ந்திருக்கும்.

அடுத்தது, நிலுவையை எந்த நேரத்தில் எடுப்பது என்பது. பல கிளைகளில் மாதக் கடைசியில் வட்டி பற்று விழுகிறது, ஐந்தாம் தேதி வாக்கில் தவணை வரவாகிறது. ஆகவே ஒரு மாதத்துக்கு இரண்டு நிலுவை அச்சாகிறது. 12ஆம் தவணை வரவானதும் 2,11,679. அந்த மாதக் கடைசியில் 2,117 வட்டி ஏறியதும் 2,13,796. இந்த இரண்டாவது எண்ணைத் தொடக்கமாக எடுத்து, முடிவுக்கு மட்டும் 24ஆம் தவணை வரவானதும் உள்ள நிலுவையை எடுத்தால், வட்டி 17,929 என்று வரும். 13ஆம் தவணைக்குரிய வட்டி காணாமல் போயிருக்கும். இரு முனையிலும் தவணை வரவான உடனே உள்ள நிலுவையையே எடுக்க வேண்டும்.

மூன்றாவது, இடையில் கட்டும் கூடுதல் பணம். அந்த அக்கா 18ஆம் தவணையோடு 25,000 சேர்த்துக் கட்டியிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். 24ஆம் தவணைக்குப் பின் நிலுவை 85,619 ஆகிவிடும், வித்தியாசம் 1,26,060. கட்டிய பணமாகத் தவணைகளை மட்டும் பெருக்கி 1,19,568 என்று போட்டால், வட்டி கழித்தல் 6,492 என்று வந்து நிற்கும். வட்டி கழித்தலில் வந்தாலே ஏதோ ஒரு வரவு விட்டுப்போயிற்று என்று அர்த்தம். 25,000-ஐயும் சேர்த்து 1,44,568 என்று எடுத்தால் வட்டி 18,508. முன்கூட்டிக் கட்டியதில் அந்த ஆறு மாதத்தில் மிச்சமான 1,538 ரூபாயும் கண்ணுக்குத் தெரியும்.

கூடுதல் பணம் கட்டிய ரசீது பெரும்பாலும் அவர்கள் கையில் இருக்கும். ஆனால் காசோலை திரும்பியதற்கான கட்டணம், தாமதக் கட்டணம் இவற்றை நீங்கள் கடன் கணக்கிலேயே பற்று வைத்தால், அதைக் கண்டுபிடிக்க எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது. 500 ரூபாய் அப்படி ஏறினால் நிலுவை அவ்வளவு குறையாமல் நிற்கும், வித்தியாசம் சுருங்கும், அந்த 500 வட்டியோடு கலந்துவிடும். தாமதத்துக்கான தண்டத்தை வட்டியாக்காமல் தனிக் கட்டணமாகவே வைக்க வேண்டும், அதன்மேல் வட்டி போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. அதற்குத் தனிப் பத்தி போடுவதில் உங்களுக்கு என்ன தடை?

நான் கேட்பது பெரிய மாற்றம் இல்லை. மார்ச் முடிந்ததும் கொடுக்கும் ஆண்டுச் சீட்டின் அடியில் நான்கு வரி போதும்: கடந்த ஆண்டின் கடைசித் தவணை வரவானபின் நிலுவை, இந்த ஆண்டின் கடைசித் தவணை வரவானபின் நிலுவை, இடையில் வந்த எல்லா வரவின் கூட்டுத்தொகை, கட்டணமாகப் பற்று வைத்த தொகை. நிலுவைக்குப் பக்கத்திலேயே தவணை எண்ணும் இருக்கட்டும். வட்டியை நீங்கள் தனியாகப் போட்டுக் கொடுத்தாலும் இந்த நான்கையும் விட்டுவிடாதீர்கள், ஒத்துப் பார்க்க வேறு வழியில்லை. வரும் ஏப்ரல் சீட்டிலிருந்தே இதைத் தொடங்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு கணக்கெழுத்தர்