கல்கத்தாவிலிருந்து மதுரைக் கல்யாணத்துக்கு வரும் உன் மருமகளுக்காக

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. தங்கை மகளின் திருமணம் ஆவணியில் கூடிவந்திருக்கும் செய்தி எனக்கும் வீட்டாருக்கும் பெரிய மகிழ்ச்சி. உன் மருமகளும் அவளுடைய பெற்றோரும் கல்கத்தாவிலிருந்து முதன்முறையாக ஒரு தமிழ்க் கல்யாணத்துக்கு வருகிறார்கள் என்றும், அழைப்பிதழில் உள்ள முகூர்த்தம், நிச்சயதார்த்தம் ஆகியவற்றையும் வீட்டில் எல்லோரும் ஓயாமல் பேசும் சீரையும் அவள் கேட்டபோது, பழகிய சொற்களாக இருந்தும் உனக்கு விளக்க வரவில்லை என்றும் எழுதியிருந்தாய். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். வங்காளத்துப் பெண் என்பதால் இதில் பாதி அவளுக்கு ஏற்கெனவே தெரிந்ததாகத்தான் இருக்கும்.

முதலில் மாதத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவளுடைய பெற்றோர் கேட்கத் தயங்கும் கேள்வி அதுவாகவே இருக்கக்கூடும். சூரியன் சிம்ம ராசியில் இருக்கும் நம் ஆவணி அவர்களுக்குப் பாத்ர மாதம். அந்த மாதத்தில் அவர்கள் திருமணம் வைப்பதில்லை. நாமோ அதற்கு முந்தைய ஆடியைத் தவிர்த்துவிட்டு, ஆவணி பிறந்ததும் மண்டபம் தேடுகிறோம். அவர்கள் அந்த ஆடியில், அதாவது தங்கள் சிராவண மாதத்தில், தாராளமாகக் கல்யாணம் செய்கிறார்கள். ஆகாத மாதத்தில் பெண்ணைக் கொடுக்கிறார்களே என்று அவர்கள் மனத்துக்குள் வருந்திக்கொண்டிருக்க வேண்டாம். இதை நீயே முன்கூட்டிச் சொல்லிவிடு.

இனி முகூர்த்தம். பழைய கணக்கில் முகூர்த்தம் என்பது ஒரு கால அளவு. இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், ஒரு முகூர்த்தம். ஒரு நாளில் இப்படி முப்பது. ஆனால் அழைப்பிதழில் இச்சொல் அந்த அளவைக் குறிப்பதில்லை. தாலி கட்டுவதற்கென்று குறித்த நல்ல நேரத்தையே குறிக்கிறது. நீ அனுப்பிய அழைப்பிதழில், வியாழக்கிழமை 'காலை 7.30 மணிக்கு மேல் 9.00 மணிக்குள் கன்னி லக்னத்தில்' என்று இருக்கிறது. அந்த ஒன்றரை மணி நேரம் எப்படி வந்தது என்று சொன்னால் அவளுக்குச் சொல் தானாக விளங்கிவிடும். லக்னம் என்பது அந்த நேரத்தில் கிழக்கில் உதயமாகும் ராசி; ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் நிற்கும். ஆவணியில் சூரியன் சிம்மத்தில் இருப்பதால் விடியும்போது சிம்ம லக்னம் நடக்கும், அதை அடுத்துக் கன்னி வரும். ஆவணி நடுவில் அது காலை ஏழு மணியை ஒட்டித் தொடங்கி ஒன்பதுக்குச் சற்றுப் பின்வரை இருக்கும். வியாழக்கிழமை எமகண்டம் 6.00 முதல் 7.30 வரை என்பதால் லக்னம் பிறந்தும் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அன்றைய ராகு காலம் பிற்பகல் 1.30க்குத்தான் என்பதால் அது குறுக்கே வரவில்லை. எஞ்சியதுதான் 7.30க்கு மேல் 9.00க்குள். லக்னம் என்ற சொல்லை அவள் தன் திருமணத்திலேயே கேட்டிருப்பாள். அவர்களுடைய லக்னம் பெரும்பாலும் மாலையிலோ இரவிலோ அமையும், நம்முடையது பெரும்பாலும் காலையில் என்பதுதான் அவள் நினைவில் கொள்ள வேண்டிய வேறுபாடு.

விருந்தினர் தவறவிடுவது இங்கேதான். ஒன்பது மணிவரை நேரம் இருக்கிறதே என்று எட்டே முக்காலுக்கு வந்து சேர்கிறவர்கள், தாலி கட்டி முடிந்து மணமக்கள் புகைப்படத்துக்கு நிற்பதைத்தான் பார்க்கிறார்கள். குறித்த நேரத்துக்குள் எந்த நிமிடத்திலும் தாலி ஏறலாம்; கடைசி நிமிடம்வரை யாரும் இழுப்பதில்லை. ஆகவே ஏழு மணிக்குள் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு மேடைக்கு அருகில் உட்காரச் சொல். நெருங்கிவிட்டது என்பதற்கு அடையாளங்கள் உண்டு. மணப்பெண் கூறைப் புடவையை வாங்கிக்கொண்டு உள்ளே சென்று, அதை உடுத்தித் திரும்பி வருவாள். அதன்பின் தேங்காயின் மேல் வைத்த தாலியைத் தட்டில் ஏந்திச் சபையைச் சுற்றிக் கொண்டுவருவார்கள். தொட்டு வணங்கி ஆசி கூறினால் போதும், தட்டில் இருந்து எதையும் எடுக்கக் கூடாது. அதே சமயத்தில் மஞ்சள் கலந்த அரிசியும் பூவும் கைக்கு வரும். அதுதான் அட்சதை. புரோகிதர் கையை உயர்த்திக் 'கெட்டிமேளம்' என்றதும் நாதசுவரமும் தவிலும் ஒரே வேகத்தில் முழங்கும். அந்த நேரத்தில் அமங்கலமான சொல்லோ தும்மலோ காதில் விழக் கூடாது என்பதற்காகத்தான் அவ்வளவு ஓசை. மூன்று முடிச்சில் முதலாவதை மாப்பிள்ளையும் மற்றவற்றை அவருடைய சகோதரியும் போடுவது பல குடும்பங்களின் வழக்கம். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அட்சதையை அதற்கு முன்பே தூவிவிட வேண்டாம்.

நிச்சயதார்த்தம் பற்றி உன் மருமகள் கேட்ட கேள்வி மிகவும் நியாயமானது. 'நாளைக்குக் கல்யாணம், இன்றைக்குத்தான் நிச்சயமா?' என்று கேட்டாளாமே! பெண்ணை இன்னார் மகனுக்குக் கொடுப்பதாகவும் ஏற்றுக்கொள்வதாகவும் இரு வீட்டாரும் சபையறிய உறுதி செய்துகொள்வதே அந்தச் சடங்கு. நாம் சிறுவர்களாக இருந்தபோது திருமணத்துக்குச் சில வாரங்களோ மாதங்களோ முன்னதாகப் பெண் வீட்டில் நடந்தது. உறவுகள் ஊர் ஊராகப் பிரிந்து, இரண்டு முறை பயணம் செய்ய இயலாமல் போனபின், பல வீடுகளில் அது முந்தைய நாள் மாலைக்கு, வரவேற்புக்குச் சற்று முன் என்று நகர்ந்துவிட்டது. பேச்சு எப்போதோ முடிந்துவிட்டது. புதன்கிழமை மாலையில் நடப்பது அதன் முறையான அறிவிப்பு. அவர்களுடைய ஆசீர்வாதச் சடங்கை நினைவூட்டினால் உடனே புரிந்துகொள்வாள்.

அங்கே அவள் காண்பது இதுதான். இரு வீட்டுப் பெரியவர்களும் எதிரெதிரே ஜமுக்காளத்தில் அமர்வார்கள். மணமக்களின் பெயரையும் அவர்களுடைய பெற்றோர், பாட்டனார் பெயர்களையும் திருமண நாளையும் எழுதிய லக்னப் பத்திரிகையை ஒருவர் உரக்கப் படிப்பார். பிறகு வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், தேங்காய், பழம் வைத்த தட்டுகளை இரு தரப்பும் மாற்றிக்கொள்ளும். 'தட்டு மாத்தியாச்சா?' என்று யாராவது கேட்டால், நிச்சயம் முடிந்ததா என்று பொருள். மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் புடவையை உடுத்திக்கொண்டு பெண் மறுபடி சபைக்கு வருவாள். எனக்கு இந்தத் திருமணங்களில் மிகவும் பிடித்த பகுதி அந்தப் பத்திரிகை வாசிப்புதான்; மூன்று தலைமுறையின் பெயர்களைச் சபையில் சொல்லிக் கேட்கும் வாய்ப்பு வேறு எங்கும் வருவதில்லை. ஒலிபெருக்கியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்தச் சொல்.

சீர் பற்றித்தான் சற்று விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் இந்தக் கல்யாணத்தில் அது உன் பொறுப்பு. உறவுமுறையின் பேரில் ஒரு வீடு இன்னொரு வீட்டுக்குத் தட்டுகளில் வரிசையாகக் கொண்டுசெல்லும் பொருள்களே சீர். பெண்ணின் தாய்மாமன் நீ. ஆகவே தாய்மாமன் சீர் உன் வீட்டிலிருந்து வர வேண்டும். பெண்ணுக்குப் பட்டுப் புடவை, மாலை, உன்னால் இயன்ற நகை, பழம், இனிப்பு, தேங்காய், மஞ்சள் குங்குமம் என்று ஒற்றைப்படையில், பதினொன்றோ இருபத்தொன்றோ தட்டுகள் வைப்பாய். உன் மருமகள் விருந்தினராக வந்தாலும் உன் வீட்டுப் பெண் என்பதால் அவளும் ஒரு தட்டு ஏந்த வேண்டும். மண்டப வாசலில் மேளத்தோடு வரவேற்பார்கள். இரு கைகளாலும் தட்டை ஏந்தி, வரிசை கலையாமல் நடந்து, மேடைக்கு முன் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றால் போதும். அவர்கள் திருமணங்களில் 'தத்வ' என்று அலங்கரித்த தட்டுகளை ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்கு அனுப்புவதை அவள் நன்கு அறிவாள். நீ பெண்ணுக்கு மாலையிட்டு, உங்கள் குடும்ப வழக்கம் இருந்தால் நெற்றியில் பட்டமும் கட்டும்போது, அந்தத் தட்டுகள் ஏன் வந்தன என்பது அவளுக்குத் தெளிவாகிவிடும். ஒன்று மட்டும் சொல்லிவை: கொங்கு நாட்டுக் கல்யாணத்துக்கு எப்போதாவது போனால், அங்கே சீர் என்பது சடங்கையும் குறிக்கும். மாப்பிள்ளையும் அவருடைய சகோதரியும் சேர்ந்து செய்யும் இணைச்சீர் அப்படிப்பட்டது.

சீரும் வரதட்சணையும் ஒன்றா என்று அவளுடைய தந்தை உன்னிடம் கேட்டால் மழுப்பாமல் பதில் சொல். கேட்டு வாங்குவதும், கேட்டதற்காகக் கொடுப்பதும் 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டப்படி குற்றம். யாரும் கேட்காமல், வழக்கப்படியும் வசதிக்கு மிஞ்சாமலும் கொடுக்கும் அன்பளிப்பை அச்சட்டம் விலக்கி வைக்கிறது. ஆனால் அதற்குப் பட்டியல் இருக்க வேண்டும். 1985ஆம் ஆண்டின் விதிகளின்படி, பெண்ணுக்கு வந்தவற்றின் பட்டியலைப் பெண்ணும் மாப்பிள்ளைக்கு வந்தவற்றின் பட்டியலை மாப்பிள்ளையும் வைத்துக்கொள்ள வேண்டும். பொருள், தோராய மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவு ஆகியவை அதில் இருக்க வேண்டும். இருவரும் கையெழுத்திட வேண்டும். 'சீர் எவ்வளவு செய்வீர்கள்?' என்ற கேள்வி மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்துவிட்டால், பெயர் சீராக இருந்தாலும் அது வரதட்சணைதான். உன் தங்கை வீட்டுச் சம்பந்தத்தில் அப்படி எதுவும் எழவில்லை என்று நீ எழுதியது எனக்கு ஆறுதலாக இருந்தது. இருந்தாலும் நகையின் ரசீதோடு பட்டியலை எழுதிப் பெண்ணின் கையில் கொடுத்துவிடு. அந்த நகை அவளுடையது.

மருமகளின் பெற்றோர் சீர் எதுவும் கொண்டுவர வேண்டியதில்லை. அவர்கள் கொடுப்பது மொய்; உறையில் பெயர் எழுதி, ஐந்நூற்றொன்று, ஆயிரத்தொன்று என்று ஒரு ரூபாய் சேர்த்து வைத்து, மேடையில் பெண்ணிடமோ மொய் எழுதுபவரிடமோ கொடுக்கலாம். உன் மகனும் மருமகளும் தனியாக எழுத வேண்டாம், உன் சீரிலேயே அவர்களும் அடக்கம். ஆனால் உன் செலவு அன்றோடு முடியாது என்பதையும் அவளிடம் சொல்லிவை. பிறந்த வீட்டாரின் தலைதீபாவளிச் சீர், பொங்கல் சீர், அடுத்த ஆண்டு ஆடிச்சீர் என்று வரும்போதெல்லாம் தாய்மாமனின் பங்கு எவ்வளவு என்று உன் தங்கை உன்னைத்தான் கேட்பாள்.

நான் புதன்கிழமை பிற்பகலே மண்டபத்துக்கு வந்துவிடுகிறேன். தட்டுகளை வரிசைப்படுத்த ஆள் தேவைப்பட்டால் என் மனைவியும் மகளும் கூட இருப்பார்கள். எத்தனை தட்டு என்பதை மட்டும் முன்னதாகத் தெரிவி.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்