மூன்று மாதக் கணக்கு எந்த நாளில் தொடங்குகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவர் பதில் பக்கத்தில், ஜிம்முக்குப் போய், தசை வளர்க்க டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் ஊசி போட்டுப் பழகிய ஒரு வாசகர், ‘எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன், எப்போது குழந்தை தங்கும்?’ என்று கேட்டிருந்தார். ‘மூன்று மாதத்தில் விந்தணு திரும்பிவிடும், கவலை வேண்டாம்’ என்று இரண்டே வரியில் பதில் வந்திருந்தது. கவலை வேண்டாம் என்றது பெரும்பாலும் சரிதான். அந்த மூன்று மாதம்தான் இடிக்கிறது. டர்பனில் ஒரு தனியார் ஆய்வகத்தில் விந்துப் பரிசோதனை மேசையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். நிறுத்திச் சரியாக மூன்றாம் மாதம் மாதிரி கொடுத்துவிட்டு, சீட்டில் பூஜ்யத்தைப் பார்த்து, இனி அவ்வளவுதான் என்று முடிவு கட்டியவர்களை அங்கே நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தக் கடிதம்.

மூன்று மாதம் என்ற எண் எங்கிருந்து வருகிறது என்று முதலில் சொல்கிறேன். விரைக்குள் ஒரு மூல அணு பிரிந்து, வளர்ந்து, வால் முளைத்து விந்தணுவாக இரண்டரை மாதம்போல ஆகிறது. அப்புறம் விரையின் மேல் ஒட்டியிருக்கும் சுருள் குழாயைக் கடந்து வெளியே வர இன்னும் ஒன்றிரண்டு வாரம். மொத்தம் மூன்று மாதம். கணக்கில் பிழையில்லை. ஆனால் அது வேலை தொடங்கிய நாளிலிருந்து எண்ண வேண்டிய கணக்கு. கடைசி ஊசி போட்ட நாளில் அந்த வேலை தொடங்குவதில்லை.

மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்எச், எஃப்எஸ்எச் என்று இரண்டு ஹார்மோன்களை அனுப்புகிறது. எல்எச் வந்தால் விரை தன் டெஸ்டோஸ்டிரோனைத் தானே சுரக்கும். எஃப்எஸ்எச் விந்தணுவை வளர்க்கும் அணுக்களைத் தூண்டும். விரைக்குள் இருக்கும் டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல பத்து மடங்கு அதிகம்; அந்தச் செறிவு இல்லாமல் விந்தணு உருவாகாது. வெளியிலிருந்து ஊசியோ ஜெல்லோ வந்தால், ரத்தத்தில் தேவைக்கு மேல் இருக்கிறது என்று மூளை எடுத்துக்கொண்டு அந்த இரண்டையும் நிறுத்திவிடும். ரத்தத்தில் வெள்ளம், விரைக்குள் வறட்சி. ஊசியில் வருவது ரத்தத்தை நிரப்புமே தவிர விரைக்குள் தேவையான அளவை எட்டாது. ஆள் பார்க்க மதயானை மாதிரி இருப்பார், மாதிரியில் ஓர் அணுகூட இருக்காது. விரை சிறுத்து மெத்தென்று ஆகியிருப்பதைப் பலர் கவனித்திருப்பார்கள், வெளியே சொல்ல மாட்டார்கள்.

ஆக, நிறுத்திய பிறகு மூன்று கட்டம் இருக்கிறது. மருந்து உடம்பை விட்டுப் போக வேண்டும். வாராவாரம் போடும் சைப்பியோனேட் வகைக்கு ஒன்றரை மாதம்போல ஆகும். பத்துப் பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடும் அன்டெக்கனோயேட் வகைக்கு அதைவிடப் பல மாதம் கூடுதல். ஜிம்மில் டெக்கா என்று சொல்கிற நான்ட்ரோலோன் மெதுவாகவே வெளியேறும். அதன் மிச்சங்கள் சிறுநீரில் ஒரு வருடத்துக்கு மேலும் தென்படுவது உண்டு. இரண்டாவது, பிட்யூட்டரி விழிக்க வேண்டும். அது சிலருக்கு வாரங்கள், சிலருக்கு மாதங்கள். அதற்குப் பிறகுதான் உங்கள் மருத்துவர் சொன்ன மூன்று மாதம்.

ஆண்களுக்கான கருத்தடை ஊசியாக டெஸ்டோஸ்டிரோனைப் பயன்படுத்த முடியுமா என்று உலகளவில் பல ஆய்வுகள் நடந்தன. அவற்றில் பங்கேற்ற 1,500க்கும் மேற்பட்ட ஆண்களின் கணக்கை ஒன்றாகச் சேர்த்து 2006இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். ஒரு மில்லி லிட்டருக்கு 20 மில்லியன் விந்தணு என்ற அளவை 6 மாதத்தில் மீண்டும் எட்டியவர்கள் மூன்றில் இரண்டு பங்கு, ஒரு வருடத்தில் நூற்றுக்கு 90 பேர், மிச்சம் இருந்தவர்கள் இரண்டு வருடத்துக்குள். கவனியுங்கள், இவர்கள் ஆரோக்கியமான ஆண்கள். மருத்துவர் அளந்து கொடுத்த மருந்தை எடுத்தவர்கள். நம் ஜிம் பையன்கள் அதைப்போல இரண்டு மூன்று மடங்கை, இரண்டு மூன்று மருந்து கலந்து, வருடக்கணக்கில் போடுகிறார்கள். இங்கே தென்னாப்பிரிக்காவில் இவை ஐந்தாம் அட்டவணை மருந்துகள், சீட்டில்லாமல் விற்கக்கூடாது. அதனால் கைமாறி வரும் குப்பியில் லேபிளில் எழுதியதுதான் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. வயது கூடக்கூட, போட்ட காலம் நீள நீள, திரும்புவதும் தாமதமாகும்.

ஒருவருடைய கதையைச் சொல்கிறேன். சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெருப்பக்கத்துக்காரர். பெயர் போடாமல் எழுதுங்கள் அண்ணே, நாலு பேருக்கு உதவட்டும் என்று அவரே சொன்னார். வயது 34. நான்கு வருடமாக டெஸ்டோஸ்டிரோனும் டெக்காவும் சேர்த்துப் போட்டு வந்தவர். கல்யாணமாகி இரண்டு வருடம் குழந்தை இல்லை. வழக்கம்போல மருமகளைத்தான் இழுத்துக்கொண்டு அலைந்தார்கள். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கருக்குழாயில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எல்லாம் ஆயிற்று. மாமியார் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டார். மகன் என்ன போடுகிறான் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை, டாக்டரும் கேட்கவில்லை. ஜிம் உடம்பைப் பார்த்தால் யாருக்குச் சந்தேகம் வரும்?

அவருடைய மாதிரி கடைசியாகத்தான் என் மேசைக்கு வந்தது. மைக்ராஸ்கோப்பில் எங்கு நகர்த்தினாலும் ஒன்றுமில்லை. இப்படி வந்தால் மாதிரியைச் சுழல் இயந்திரத்தில் போட்டு அடியில் படிந்ததைத் தேட வேண்டும், அதிலும் இல்லை. இன்னொரு நாள் இரண்டாவது மாதிரி, அதுவும் அப்படியே. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் உச்சவரம்புக்கு மேலே, எல்எச்சும் எஃப்எஸ்எச்சும் இயந்திரம் அளக்கக்கூடிய அளவுக்குக் கீழே. இந்த மூன்று எண்களும் ஒரே சீட்டில் இப்படி வந்தால் ஊசியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். விரையே கெட்டிருந்தால் எஃப்எஸ்எச் ஏறியிருக்கும், ஏனென்றால் மூளை அதட்டிக்கொண்டே இருக்கும். இங்கே மூளை வாயே திறக்கவில்லை. அது ஒருவகையில் நல்ல செய்தி.

டாக்டர் நிறுத்தச் சொன்னார், நிறுத்தினார். மூன்றாம் மாதம் பார்த்தால் பூஜ்யம்தான். அதைவிட மோசம், இப்போது அவருடைய சொந்த டெஸ்டோஸ்டிரோனும் தரைமட்டத்தில் இருந்தது. ஊசி போய்விட்டது, பிட்யூட்டரி இன்னும் எழவில்லை. ஆசை இல்லை, தூக்கம் சரியில்லை, தொட்டதற்கெல்லாம் எரிச்சல், சில நாள் காரணமே இல்லாமல் அழுகை. கை சதை இறங்கிக்கொண்டே போனது. ஜிம் நண்பர் ஒருவர், ‘ஒரு சின்ன சைக்கிள் போடு, எல்லாம் சரியாகும்’ என்றாராம். சைக்கிள் என்றால் சில வாரம் தொடர்ந்து போடும் ஊசிச் சுற்று. இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். ஊசி போட்டால் இரண்டு வாரத்தில் தெம்பு வந்துவிடும், உண்மைதான். ஆனால் எழப்போன பிட்யூட்டரியை அது மறுபடியும் தூங்க வைக்கும், கணக்கு முதல் நாளுக்குத் திரும்பும். மூன்று மாதத்தில் சரியாகும் என்று எழுதினால், மூன்றாம் மாதம் ஆள் மிகவும் சோர்ந்திருக்கும் நேரத்தில் அவர் கையில் ஒரு பூஜ்யத்தைக் கொடுக்கிறோம். உயிரை விட்டுவிடலாமா என்கிற அளவுக்கு மனம் போகிறவர்களும் உண்டு, அப்படியானால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இவர் நல்லவேளை சிறுநீரக-ஆண்மை நல மருத்துவர் ஒருவரிடம் போனார். அவர் எச்சிஜி ஊசி 3,000 யூனிட் ஒன்று விட்டு ஒரு நாளும், குளோமிஃபீன் மாத்திரையும் கொடுத்தார். எச்சிஜி என்பது கர்ப்பிணிகளின் உடலில் சுரக்கும் ஹார்மோன். விரையிடம் அது எல்எச் போலவே வேலை செய்து, உள்ளே டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்க வைக்கும். குளோமிஃபீன் பிட்யூட்டரியை எழுப்பப் பார்க்கும். மருந்துக்கடையில் அந்தப் பெண் ‘இது உங்கள் மனைவிக்கா?’ என்று கேட்டதும் ஆமாம் என்று சொல்லி வாங்கி வந்தாராம். இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பார். ஒரு மாதத்தில் தெம்பு திரும்பியது. அவரைத் திரும்பவும் ஊசிப்பக்கம் போகவிடாமல் தடுத்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

நிறுத்திய ஏழாம் மாதம் படிவில் இரண்டு மூன்று விந்தணு தென்பட்டது; ஒன்றின் வால் துடித்தது. எண் போட முடியாது, ‘அரிதாகக் காணப்பட்டது’ என்று எழுதிக் கொடுத்தேன். பதினோராம் மாதம் 9 மில்லியன். பதினான்காம் மாதம் 21 மில்லியன். உலகச் சுகாதார நிறுவனத்தின் இப்போதைய கீழ்வரம்பு 16. பிறகு இயற்கையாகவே கருத்தரித்தது. எச்சிஜி இல்லாமலே வந்திருக்காதா என்றால், வந்திருக்கலாம், மெதுவாக. எஃப்எஸ்எச் எழாதவர்களுக்கு அதையும் ஊசியாகச் சேர்ப்பார்கள். இவை மருத்துவர் ரத்தம் பார்த்துக் கொடுக்க வேண்டியவை; இந்த அளவைப் பார்த்து யாரும் ஜிம்மில் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

எல்லோருக்கும் இப்படி முடிவதில்லை. ஒரு வருடத்துக்கு மேலும் எண் ஏறாமல், எஃப்எஸ்எச் மட்டும் ஏறியிருந்தால், ஊசிக்கு முன்பே விரையில் குறை இருந்திருக்கலாம். ஊசி போடும் முன்பு யாரும் மாதிரி கொடுத்துப் பார்ப்பதில்லை என்பதால் அது மறைந்தே கிடக்கும்.

இன்னொன்றையும் அடுத்த இதழில் எழுதச் சொல்லுங்கள். ஜிம் பக்கமே போகாதவர்களும் இதில் மாட்டுகிறார்கள். சோர்வு என்று போய், டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று சீட்டு வாங்கி, ஊசியோ ஜெல்லோ எடுக்கிறார்கள். குழந்தைக்கு முயல்கிற, அல்லது இனி முயலப்போகிற ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோனை மட்டும் கொடுக்கக்கூடாது என்று அமெரிக்கச் சிறுநீரக மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது. எச்சிஜி, குளோமிஃபீன் என்று வேறு வழிகள் இருக்கின்றன. தவிர்க்கவே முடியாது என்றால் முதல் ஊசிக்கு முன் விந்தை உறைய வைத்துச் சேமிக்கலாம். ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்த வேண்டாம். பிட்யூட்டரியில் கட்டி போன்ற காரணத்துக்காக எடுப்பவர்கள் நிறுத்தினால் அவர்களுக்கு எழுவதற்கு ஒன்றும் இல்லை. அவர்களுக்கு மருந்தை மாற்றித் தர வேண்டும்.

சென்ற இதழில் கேட்ட வாசகருக்கு: கடைசி ஊசியின் தேதி, மருந்தின் பெயர், எவ்வளவு, எத்தனை காலம் என்று ஒரு தாளில் எழுதி, காலிக் குப்பி இருந்தால் அதையும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அந்த மருத்துவர் போலீசுக்குச் சொல்ல மாட்டார். இப்போது எல்எச், எஃப்எஸ்எச், டெஸ்டோஸ்டிரோன், ஒரு விந்துப் பரிசோதனை. மூன்றாம் மாதம் பூஜ்யம் வந்தாலும் ரத்தத்தில் எல்எச், எஃப்எஸ்எச் ஏறத் தொடங்கிவிட்டதா என்று பாருங்கள். உங்கள் மூன்று மாதம் அப்போதுதான் தொடங்குகிறது. மனைவிக்கு 35 தாண்டியிருந்தால் மட்டும் இவ்வளவு காத்திருக்காமல் இருவரும் சேர்ந்தே மருத்துவரைப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர்,
சாட்ஸ்வர்த், டர்பன்